இருவர் சேர்ந்து வாங்கும் வீட்டுக்கடன்: தவணைப் பங்கும் ஒரு வருமானம் குறைந்தால் வரும் சிக்கலும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணவன் மனைவியாக, உடன்பிறந்தவர்களாக, பெற்றோரும் பிள்ளையுமாகக் கடன் விண்ணப்பத்தோடு வருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் ஐயங்கள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. வட்டி விகிதத்தை ஒப்பிடுவது, எந்த வங்கியில் வாங்குவது போன்றவற்றுக்கு வேறு இடங்களில் விளக்கம் கிடைக்கும் என்பதால், இருவருக்குள் நடக்க வேண்டிய பேச்சை மட்டுமே இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். கணக்குகள் அனைத்தும் ஒரே எடுத்துக்காட்டைத் தொடர்பவை. தொகைகளை அவரவர் நாணயத்தில் வாசித்துக்கொள்ளலாம்.

கூட்டுக் கடன் என்றால் ஆளுக்குப் பாதிக் கடன், அவ்வளவுதானே?

இல்லை. கடன் ஒப்பந்தங்களில் பொதுவாக "கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு" என்னும் பொருளில் ஒரு வாசகம் இருக்கும். அதன்படி, 50 லட்சம் கடனுக்கு இருவர் கையெழுத்திட்டால் ஒவ்வொருவரும் 50 லட்சத்துக்கும் பொறுப்பானவர். ஒருவர் கட்டாமல் விட்டால், வங்கி மற்றவரிடம் பாதியை மட்டும் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை. முழு நிலுவையையும் அவரிடமே கேட்கலாம்.

ஆகவே "என் பங்கு 40 சதவீதம்" என்பது உங்கள் இருவருக்குள் மட்டும் செல்லுபடியாகும் பேச்சு. வங்கியின் கணக்கில் பங்கு என்று ஒன்று கிடையாது. கீழே வரும் பல விடைகள் இந்த ஒரு செய்தியிலிருந்து கிளைப்பவைதாம். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் இந்த வாசகம் எந்தப் பக்கத்தில் உள்ளது என்று தேடி, இருவரும் சேர்ந்து ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

கடனில் என் பெயர் இருந்தால் வீட்டிலும் எனக்குப் பங்கு வந்துவிடும்தானே?

தானாக வராது. கடன் ஒப்பந்தம் யார் கட்ட வேண்டும் என்பதைச் சொல்கிறது. வீட்டுப் பத்திரம் யாருக்குச் சொந்தம் என்பதைச் சொல்கிறது. இரண்டும் தனித்தனி ஆவணங்கள். வீட்டின் உரிமையாளர்கள் அனைவரையும் கடனாளிகளாகச் சேர்க்குமாறு வங்கிகள் வழக்கமாகக் கேட்கும். ஆனால் கடனாளிகள் அனைவரும் உரிமையாளர்களாக இருக்க வேண்டும் என்று எப்போதும் கேட்பதில்லை. அண்ணனின் கடன் தகுதியை உயர்த்துவதற்காகக் கையெழுத்திட்ட தம்பி, பத்திரத்தில் பெயர் இல்லாமல், 20 ஆண்டுக் கடனுக்கு முழுப் பொறுப்பாளியாக நிற்பது இப்படித்தான்.

அப்படிக் கையெழுத்திடுவது தவறு என்று சொல்லவில்லை. குடும்பத்துக்குள் தெரிந்தே செய்யும் உதவியாக அது இருக்கலாம். ஆனால் அது உதவிதான் என்பதும், அந்த உதவியால் தம்பி பிற்காலத்தில் தன் பெயரில் வாங்கக்கூடிய கடன் குறையும் என்பதும் இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பத்திரத்தில் இரு பெயர்களும் இருந்தால், பங்கு விகிதம் எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். விகிதம் எழுதாத பத்திரத்தைச் சட்டம் எப்படிப் பொருள்கொள்ளும் என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும்; அதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

மாதத் தவணையை எப்படிப் பிரித்தால் நியாயம்? பாதிக்குப் பாதிதானே சரி?

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். முதலாமவரின் மாத வருமானம் 90,000, இரண்டாமவருக்கு 60,000. கடன் 50 லட்சம், வட்டி ஆண்டுக்கு 9 சதவீதம், காலம் 20 ஆண்டு. மாதத் தவணை 44,986 வரும். பாதிக்குப் பாதி என்றால் ஆளுக்கு 22,493. முதலாமவருக்கு அது வருமானத்தில் நான்கில் ஒரு பங்கு. இரண்டாமவருக்கோ நூற்றுக்கு முப்பத்தேழரை. தொகை சமமாக இருந்தாலும் சுமை சமமாக இல்லை.

வருமான விகிதப்படி 60:40 என்று பிரித்தால் முதலாமவர் 26,992, இரண்டாமவர் 17,994 கட்டுவார்கள். இருவருக்கும் வருமானத்தில் 30 சதவீதம்தான் போகும். இதிலும் ஒரு குறை உண்டு. இரண்டாமவர் மாதந்தோறும் பெற்றோருக்கு 15,000 அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் கையில் நிற்பது 45,000 மட்டுமே. தவிர்க்க முடியாத கடமைகளைக் கழித்த பிறகு மிஞ்சும் தொகையை வைத்துப் பார்த்தால் விகிதம் 2:1 ஆகிறது. தவணை ஏறத்தாழ 29,991, 14,995 என்று பிரியும்.

மூன்றில் எது சரி என்று வெளியாள் சொல்ல முடியாது என்றாலும், என் பரிந்துரை மூன்றாவது முறைதான். அந்தக் கணக்கைப் போட வேண்டுமானால் இருவரும் தங்கள் பழைய கடன், கிரெடிட் கார்டு நிலுவை, வீட்டுக்கு அனுப்பும் பணம் ஆகிய அனைத்தையும் வெளிப்படையாக எடுத்து வைக்க வேண்டியிருக்கும். விகிதத்தைக் காட்டிலும் அந்த வெளிப்படைத்தன்மையே பின்னாளில் அதிகம் பயன்படும்.

தவணை யார் கணக்கிலிருந்து போக வேண்டும்?

கடனுக்கென்றே ஒரு கூட்டுக் கணக்கைத் திறந்து, இருவரும் தத்தம் பங்கைத் தவணைத் தேதிக்கு ஐந்தாறு நாள் முன்னதாக அதில் சேரும்படி தானியங்கிப் பரிமாற்றம் அமைத்துவிடுவது எளிய வழி. அந்தக் கணக்கில் வேறு செலவு எதுவும் செய்யக் கூடாது. ஒரு தவணைக்கு ஈடான தொகை எப்போதும் அதில் கூடுதலாகக் கிடந்தால், சம்பளம் ஓரிரு நாள் தாமதமானாலும் தவணை தவறாது.

இதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. தவணை தவறினால் யாருடைய பங்கு வரவில்லை என்று வங்கி பார்ப்பதில்லை. இருவரின் கடன் வரலாற்றிலும் அந்தத் தாமதம் பதிவாகும். இன்னொன்று, யார் எவ்வளவு கட்டினார்கள் என்பதற்குப் பின்னாளில் சான்றாக நிற்பது கணக்குப் புத்தகம்தான். "நான் கையில் கொடுத்தேன்" என்பதைப் பத்தாண்டு கழித்து நிறுவுவது கடினம்.

நான் தவணை முழுவதும் கட்டுகிறேன், அவர் வீட்டுச் செலவைப் பார்த்துக்கொள்கிறார். கணக்குச் சரியாகிவிடும் இல்லையா?

சேர்ந்திருக்கும் வரை சரியாகிவிடும். ஆனால் மளிகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் போன பணம் எந்தக் கடன் அறிக்கையிலும் தெரியாது. தவணை மட்டும் 20 ஆண்டுகளுக்கு ஒருவர் பெயரிலேயே வரிசையாக நிற்கும். பிரிவோ மரணமோ சொத்துப் பங்கீடோ வரும்போது, வீட்டை நடத்தியவர் எதுவும் தராதவர்போல் ஆகிவிடுகிறார். உடன்பிறந்தவர்களுக்கு இடையில் இது இன்னும் மோசமாக முடிவதைப் பார்த்திருக்கிறேன்.

இந்த ஏற்பாடுதான் வசதி என்றால் அதையே எழுதி வையுங்கள்: வீட்டுச் செலவை ஏற்பவரின் பங்களிப்பும் தவணைக்கு நிகரானதாகக் கொள்ளப்படும் என்று ஒரு வரி, தேதி, இருவரின் கையெழுத்து. முடிந்தால் முந்தைய விடையில் சொன்ன கூட்டுக் கணக்குக்கே இருவரும் பணம் அனுப்பிவிட்டு, வீட்டுச் செலவையும் அதே விகிதத்தில் பிரித்துக்கொள்வது மேல்.

வங்கியே எங்களுக்கு இவ்வளவு தகுதி உண்டு என்று சொல்லிவிட்டது. பிறகு ஏன் கவலைப்பட வேண்டும்?

வங்கி பார்ப்பது இரு வருமானங்களின் கூட்டுத்தொகையை. எடுத்துக்காட்டில் 1,50,000 வருமானத்துக்கு 44,986 தவணை என்பது 30 சதவீதம். வங்கிக்கு அது நிம்மதியான விகிதம். இரண்டாமவரின் வருமானம் நின்றால் அதே தவணை முதலாமவரின் வருமானத்தில் பாதியாகிவிடும். முதலாமவரின் வருமானம் நின்றால் இரண்டாமவரின் வருமானத்தில் முக்கால் பங்கைத் தவணையே விழுங்கிவிடும்.

மேலும், கடன் திரும்பாவிட்டால் வங்கிக்கு அடமானம் இருக்கிறது. உங்களுக்கு இருப்பது அந்த வீடுதான். வங்கியின் பார்வையும் உங்கள் பார்வையும் ஒன்றாக இருக்க முடியாது என்பதால், வங்கி சொல்லும் தகுதியை உச்சவரம்பாக மட்டும் கொள்ளுங்கள்.

ஒருவருக்கு வேலை போனால் தாங்குமா என்று எப்படிக் கணக்குப் பார்ப்பது?

முதலில் இருவரும் சேர்ந்து மாதத்தின் கட்டாயச் செலவை எழுதுங்கள். சுற்றுலா, புதிய பொருள்கள், வெளியில் சாப்பிடுவது எல்லாம் நீக்கப்பட்ட, நெருக்கடிக் காலத்துச் செலவு அது. எடுத்துக்காட்டில், பெற்றோருக்குப் போகும் 15,000 உட்பட அது 45,000 என்று கொள்வோம். தவணையையும் சேர்த்தால் மாதம் ஏறத்தாழ 90,000 தேவை. இந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒவ்வொரு நிலையையும் தனியாகப் பாருங்கள்.

இரண்டாமவரின் வருமானம் நின்றால், முதலாமவரின் 90,000 தேவையை மட்டுமட்டாக ஈடுகட்டிவிடும், பற்றாக்குறை இல்லை. முதலாமவரின் வருமானம் பாதியானால்கூட வீட்டுக்கு 1,05,000 வருகிறது, தாங்கும். முதலாமவரின் வருமானம் முழுவதும் நின்றால் வருவது 60,000. மாதம் 30,000 துண்டு விழும். இந்த வீட்டின் உண்மையான ஆபத்து இதுதான். அவருடைய துறையில் அதே நிலையில் வேறு வேலை கிடைக்க ஒன்பது மாதம் ஆகலாம் என்று மதிப்பிட்டால், 2,70,000 கையிருப்பு வேண்டும். "ஆறு மாதச் சம்பளத்தைச் சேமித்து வையுங்கள்" என்னும் பொதுவான அறிவுரையைவிட இந்த எண் துல்லியமானது, சேர்த்துவிடக் கூடியதும்கூட. மாதம் 20,000 ஒதுக்கினால் பதினான்கு மாதத்தில் சேர்ந்துவிடும்.

இருவரும் ஒரே நிறுவனத்திலோ ஒரே துறையிலோ இருந்தால் நான்காவது நிலை ஒன்றையும் பார்க்க வேண்டும். இரு வருமானமும் ஒன்றாக நின்றால் அதே 2,70,000 மூன்று மாதத்துக்குத்தான் வரும். அத்தகையவர்கள் கையிருப்பைக் கூட்டுவதோடு, கடன் தொகையையே சற்றுக் குறைத்துக்கொள்வது பாதுகாப்பு.

வேலை போனவர் தன் பங்கைக் கட்ட முடியவில்லை என்றால் அது கடனாக நிற்குமா, தள்ளுபடியா?

பெரும்பாலோர் பேசாமல் விடும் கேள்வி இது. பிணக்கு தொடங்குவதும் இங்கேதான். வங்கியைப் பொறுத்தவரை முதல் விடையில் சொன்னபடி மற்றவர் முழுத் தவணையையும் கட்டியே ஆக வேண்டும். அப்படிக் கூடுதலாகக் கட்டியது என்ன ஆகும் என்பதை முன்கூட்டியே நீங்கள் முடிவு செய்யாவிட்டால், கட்டியவர் மனத்தில் அது கடனாகவும், கட்டாதவர் மனத்தில் அது குடும்பக் கடமையாகவும் பதிந்துவிடும்.

வருமானம் ஏன் குறைந்தது என்பதைப் பிரித்துப் பார்ப்பது உதவும். ஆட்குறைப்பு, நோய், விபத்து போன்றவை யார் கையிலும் இல்லாதவை. இவற்றுக்குக் குறிப்பிட்ட காலம் வரை பங்கைத் தள்ளுபடி செய்வதாக வைத்துக்கொள்ளலாம். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேலையை விடுவது இருவரும் சேர்ந்து எடுக்கும் முடிவு. அந்தக் காலத்தில் அவருடைய பங்கு முழுவதும் கட்டப்பட்டதாகவே கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. ஏனெனில் அவர் வருமானத்தை விட்டது இருவருக்காகவும்தான். மேற்படிப்பு, சொந்தத் தொழில் போன்றவை ஒருவரின் விருப்பம். அதற்காகக் குறையும் பங்கைத் திருப்பித் தர வேண்டிய தொகையாக எழுதி வைப்பது இருவருக்கும் நல்லது.

எழுதுவதற்குப் பெரிய ஒப்பந்தம் தேவையில்லை. கீழே உள்ளதுபோல் நான்கு வரி போதும்:

"தவணை 2:1 விகிதத்தில் பிரிக்கப்படும். ஒருவரின் வருமானம் அவர் விருப்பமின்றிப் பாதிக்கும் கீழே குறைந்தால், முதல் ஒன்பது மாதம் கையிருப்பிலிருந்து துண்டுத்தொகை எடுக்கப்படும்; அது யாருடைய கடனும் ஆகாது. அதற்குப் பிறகு மற்றவர் கூடுதலாகக் கட்டும் தொகை தனியாகக் குறிக்கப்பட்டு, வருமானம் மீண்டபின் வட்டியின்றித் திருப்பித் தரப்படும். ஆண்டுக்கு ஒருமுறை விகிதம் மறுபடி கணக்கிடப்படும்."

இது வங்கியைக் கட்டுப்படுத்தாது. நீதிமன்றத்தில் எந்த அளவுக்கு நிற்கும் என்பது உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தது. ஆனால் இருவரின் நினைவும் வேறு வேறாகத் திரிந்துபோகாமல் காக்கும். இதன் முதல் வேலை அதுதான்.

அப்படி நெருக்கடி வந்தால் தவணைக் காலத்தை நீட்டித் தரும்படி வங்கியிடம் கேட்டால் போதாதா?

எதிர்பார்க்கும் அளவுக்கு அது உதவாது. எடுத்துக்காட்டுக் கடனில் மூன்று ஆண்டு கட்டிய பிறகு வருமானம் நிற்கிறது என்போம். அதுவரை கட்டியது 16.19 லட்சம், அசலில் குறைந்தது 3.08 லட்சம் மட்டுமே. மிச்சமிருக்கும் 46.92 லட்சத்தை, இன்னும் 17 ஆண்டு என்பதற்குப் பதிலாக 25 ஆண்டுக்கு நீட்டினால் மாதத் தவணை 44,986 என்பதிலிருந்து 39,375 ஆகக் குறையும். மாதம் 5,600 அளவுக்குக் கிடைக்கும் அந்த நிவாரணத்துக்காக, முடிவில் 26 லட்சத்துக்கும் மேல் கூடுதலாகக் கட்டியிருப்பீர்கள். முன்பு பார்த்த 30,000 துண்டு இதனால் 24,400 ஆகிறது, அவ்வளவுதான். காலத்தை நீட்டும்போது வயது வரம்பும் குறுக்கே வரலாம்.

ஆறு மாதம் தவணையை ஒத்திவைக்க வங்கி ஒப்புக்கொண்டால் கையில் உடனடி நிம்மதி கிடைக்கும். ஆனால் அந்த ஆறு மாத வட்டி அசலோடு சேர்ந்து நிலுவை 49 லட்சத்தைத் தாண்டிவிடும். பிறகு பழைய தவணையையே தொடர்ந்தால், 204 தவணையில் முடிய வேண்டியது 228 தவணை ஆகும். கட்டாமல் விட்டது ஆறு. கூடுதலாகக் கட்டுவது இருபத்து நான்கு. மருத்துவச் செலவு போன்ற வேறு வழியற்ற நேரத்துக்கு இது இருக்கட்டும்.

எதைக் கேட்பதானாலும் தவணை தவறுவதற்கு முன்பே கேளுங்கள். வேலை நீக்கக் கடிதமோ மருத்துவச் சான்றோ கையில் இருக்கும் முதல் மாதத்தில் எழுத்து மூலம் விண்ணப்பிப்பவருக்கும், மூன்று தவணை தவறியபின் போய் நிற்பவருக்கும் கிடைக்கும் பதில் ஒன்றாக இருப்பதில்லை.

வட்டி ஏறுகிற நேரத்தில் வருமானமும் குறைந்தால்?

வட்டி மாறக்கூடிய கடன் என்றால் இதையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும். மேற்சொன்ன நிலுவையில் வட்டி 9லிருந்து 10 சதவீதம் ஆனால் தவணை 47,914 ஆகும். துண்டுத்தொகை மாதம் சுமார் 2,900 கூடும். தவணையைத் தொடாமல் காலத்தை மட்டும் வங்கி நீட்டினால் 204 மாதம் 245 மாதமாகும். பின்னது கண்ணில் படாமல் நடந்துவிடுவதால், வட்டி மாறும் ஒவ்வொரு முறையும் மீதமுள்ள தவணைகளின் எண்ணிக்கையை அறிக்கையில் பாருங்கள்.

இதையெல்லாம் பேசினால் என்னைச் சந்தேகப்படுகிறாயா என்று கேட்பாரே?

"நீ கட்டாமல் போனால் என்ன செய்வது?" என்று தொடங்கினால் அப்படித்தான் கேட்பார். "எனக்கு வேலை போனால் உன்னால் எத்தனை மாதம் சமாளிக்க முடியும்?" என்று உங்கள் வருமானத்திலிருந்தே தொடங்குங்கள். அதன்பின் மறுபக்கத்துக் கேள்வியை அவரே கேட்பார். வீட்டைப் பார்த்துப் பிடித்துப்போய் முன்பணம் கொடுக்கும் பரபரப்பில் இந்தப் பேச்சு எடுபடாது. கடன் தொகையை முடிவு செய்வதற்கு முன்பே, வேறு யாரும் உடன் இல்லாதபோது பேச வேண்டும்.

பேச உட்காரும்போது இருவரும் மூன்று மாத வங்கிக் கணக்கு அறிக்கையையும் தத்தம் கடன் வரலாற்று அறிக்கையையும் கொண்டுவாருங்கள். பழைய கடன் ஒன்று மறைந்திருந்தால் அது வங்கி அதிகாரியின் மேசையில் வெளிப்படுவதைவிட வீட்டில் வெளிப்படுவது மேல். அறிக்கையைக் காட்டவே ஒருவர் மறுத்தால், கடன் வாங்குவதைச் சிறிது காலம் தள்ளிவைக்க அதுவே போதுமான காரணம்.

இருவரில் ஒருவர் இறந்துவிட்டால் அவர் பங்குக் கடன் போய்விடுமா?

போகாது. பங்கு என்பதே வங்கியிடம் இல்லாதபோது போவதற்கு எதுவும் இல்லை. உயிரோடு இருப்பவர் முழு நிலுவைக்கும் பொறுப்பாளியாகத் தொடர்வார். இதற்கு ஈடாகத்தான் ஆயுள் காப்பீடு எடுக்கப்படுகிறது. கடனோடு சேர்த்துத் தரப்படும் காப்பீட்டில் முதல் கடனாளியின் பெயர் மட்டும் இருப்பது உண்டு. பாலிசியில் யார் உயிர் காக்கப்படுகிறது என்பதைப் பெயரைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

தொகையைப் பங்கு விகிதப்படி எடுக்கலாம், அல்லது ஒவ்வொருவர் உயிருக்கும் முழு நிலுவை அளவுக்கு எடுக்கலாம். எடுத்துக்காட்டில் முதலாமவருக்கு முழுத் தொகையும் தேவை. ஏனெனில் அவர் இல்லாமல் மற்றவரால் தவணையைத் தாங்க முடியாது. இரண்டாமவருக்குப் பாதித் தொகைகூடப் போதலாம். ஆயுள் காப்பீடு வேலை இழப்புக்கு உதவாது என்பதால், இதை எடுத்துவிட்டோம் என்று மேற்சொன்ன கையிருப்பைக் குறைத்துவிடக் கூடாது.

பிரிய நேர்ந்தால் ஒருவர் மட்டும் கடனிலிருந்து விலகிக்கொள்ள முடியுமா?

வங்கி சம்மதித்தால் மட்டுமே முடியும். கடனில் தொடர்பவரின் தனி வருமானத்துக்கு அந்த நிலுவையைத் தாங்கும் தகுதி இருக்கிறதா என்று வங்கி புதிதாகப் பார்க்கும். இரண்டாமவர் வீட்டை வைத்துக்கொள்ள விரும்பினாலும், வருமானத்தில் 75 சதவீதம் தவணைக்கே போகும் ஒருவருக்கு எந்த வங்கியும் எளிதில் ஒப்புக்கொள்ளாது. அப்போது மிஞ்சும் வழிகள்: வீட்டை விற்றுக் கடனை அடைப்பது, வேறொரு இணைக் கடனாளியைச் சேர்ப்பது, அல்லது நிலுவையின் ஒரு பகுதியை மொத்தமாகக் கட்டித் தவணையைக் குறைப்பது.

"இனிமேல் கடனை அவரே கட்டுவார்" என்று பிரிவு ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டு கிளம்பிவிடுபவர்கள் இருக்கிறார்கள். அந்த ஒப்பந்தத்தில் வங்கி கையெழுத்திடவில்லை. அவர் கட்டாமல் விட்டால், விலகியவரிடமும் வங்கி கேட்கும். அவருடைய கடன் வரலாறும் கெடும். விடுவிப்புக் கடிதம் வங்கியிடமிருந்து எழுத்தில் வரும் வரை, அந்தக் கடன் கணக்கைப் பார்க்கும் இணைய வசதியை விட்டுவிடாதீர்கள்.

முன்பணம் முழுவதும் நான் போட்டேன், தவணையில் பெரும்பகுதி அவர் கட்டுகிறார். வீட்டில் யாருக்கு எவ்வளவு?

பத்திரத்தில் விகிதம் இருந்தால் முதலில் பேசுவது அதுதான். இல்லாதபோது, எதை எண்ணுகிறீர்கள் என்பதைப் பொறுத்து விடை பெரிதும் மாறும். இரண்டாமவர் 12 லட்சம் முன்பணம் போட்டார், தவணை 60:40 விகிதத்தில் போகிறது என்று கொள்வோம். மூன்று ஆண்டு கழித்து, கொடுத்த பணத்தை எல்லாம் எண்ணினால் முதலாமவர் 9.72 லட்சம், இரண்டாமவர் 18.48 லட்சம்; அதாவது ஏறத்தாழ 34:66. அசலில் குறைந்ததை மட்டும் எண்ணினால் முதலாமவர் 1.85 லட்சம், இரண்டாமவர் 13.23 லட்சம், ஏறத்தாழ 12:88. ஒரே வீடு, ஒரே பணம்; ஆனால் இரண்டு முடிவுகளுக்கும் நடுவில் பெரும் பள்ளம். தொடக்க ஆண்டுகளில் தவணையின் பெரும்பகுதி வட்டிக்கே போவதுதான் காரணம்.

முதல் முறை முன்பணம் போட்டவருக்குப் பாதகம், இரண்டாவது முறை தவணை கட்டுபவருக்குப் பாதகம். இருவருக்கும் ஓரளவு பொருந்தக்கூடியது இது: வீடு விற்கப்பட்டால் கடன் நிலுவையை அடைத்தபின், முன்பணம் போட்டவருக்கு அந்தத் தொகை முதலில் திரும்ப வேண்டும்; அதன் பிறகு எஞ்சுவதைத் தவணை கட்டிய விகிதத்தில் பிரித்துக்கொள்ளலாம். விலை இறங்கி, முன்பணம் முழுவதும் திரும்பாத அளவுக்கு விற்க நேர்ந்தால் அந்த இழப்பை யார் ஏற்பது என்பதையும் மேலே காட்டிய நான்கு வரிகளோடு ஐந்தாவது வரியாகச் சேர்த்துவிடுங்கள்.